அத்தை வீட்டுக் கொல்லைக் கதவு திறக்குமா? வீட்டில் குவியும் சாமான்கள் தீ விபத்தில் உயிரைப் பறிப்பது எப்படி?

ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ வேலை. வார இறுதியில் உத்திரமேரூர் பக்கம் சொந்த ஊருக்குப் போகிறீர்கள். பழைய ஓட்டு வீட்டில் அத்தை தனியாக இருக்கிறார். நடையில் காலி உர மூட்டைகள், பிளாஸ்டிக் டிரம்கள். கூடத்தில் பல வருடச் செய்தித்தாள் கட்டுகள், பழைய புடவை மூட்டைகள். கொல்லைக் கதவுக்கு முன்னால் உடைந்த கட்டில், அதன் மேல் தேங்காய் மட்டை. "இதெல்லாம் எதுக்கு அத்தை?" என்று கேட்டால், "இருக்கட்டும்டா, எதுக்காவது உதவும்" என்பார்.

நம்மில் பலருக்கு இப்படி ஒரு வீடு தெரியும். பெரும்பாலும் இதைச் சுத்தம் பற்றிய பிரச்சினையாகத்தான் பார்க்கிறோம். தீயணைப்புத் துறையினர் பார்ப்பது வேறு மாதிரி.

மெல்போர்ன் கணக்கு சொல்வது என்ன?

ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் தீயணைப்புத் துறை, 1999 முதல் 2009 வரை நடந்த வீட்டுத் தீ விபத்துகளை அலசியது. சாமான்கள் அளவுக்கு மீறிக் குவிந்த வீடுகளில் நடந்தவை மொத்த விபத்துகளில் வெறும் 0.25 சதவீதம். அதாவது 1,000 விபத்துகளில் இரண்டு, மூன்று. ஆனால், தடுத்திருக்கக்கூடிய தீ மரணங்களில் 24 சதவீதம் இந்த வீடுகளில்தான் நடந்திருந்தது. சாதாரண வீடுகளில் பத்தில் ஒன்பது தீ, பிடித்த அறையிலேயே அடங்கிவிட்டது. குவியல் வீடுகளில் அப்படி அடங்கியது பத்தில் நான்குதான்.

தொலைதூர நகரத்துக் கணக்குதான். ஆனால் காரணங்கள் நம்ம ஊர் வீட்டுக்கும் அப்படியே பொருந்தும்.

குவியல் எப்படி எரிகிறது?

முதல் காரணம், எரிபொருள். துணியும் பிளாஸ்டிக்கும் தளர்வாக அடுக்கியிருந்தால் நடுவில் காற்று ஓடும். அடியில் பற்றிய தீ மேலே இருப்பதைச் சூடாக்கிக்கொண்டே ஏறும். பரண் வரை அடுக்கியிருந்தால் ஓட்டுக்கு அடியில் உள்ள மரச்சட்டம் வரை அதுவே ஏணி. இறுக்கமாகக் கட்டிய செய்தித்தாள் வேறு விதம். வெளியே கருகி, உள்ளே கங்காகக் கனன்றுகொண்டிருக்கும். தண்ணீர் ஊற்றி அணைத்த பிறகும் திரும்பப் பிடிக்கும். அந்தக் கனலில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூங்குபவர் எழுந்திருக்காமலே போகலாம்.

இரண்டாவது காரணம், வழி. நம்ம ஊர் ஜன்னல்களில் பெரும்பாலும் இரும்புக் கம்பி பதித்திருக்கும், அது வழியாக வெளியே வர முடியாது. மிச்சம் இருப்பது இரண்டு கதவுதான். அடுப்படியில் தீப்பிடித்து கூடம் முழுக்கப் புகை நிரம்பினால் கொல்லைக் கதவுதான் உயிர். அதன் முன் கட்டில் நின்றால், அந்த வீட்டில் கொல்லைக் கதவே இல்லை என்றுதான் அர்த்தம். உள்ளே வரும் தீயணைப்பு வீரருக்கும் அதே சிக்கல்: ஆள் எங்கே என்று தேட இடம் இல்லை, குவியல் சரிந்து மேலே விழும் ஆபத்து வேறு.

எதை முதலில் நகர்த்துவது?

முழு வீட்டையும் காலி செய்ய வேண்டியதில்லை. ஆபத்து அதிகமான மூன்று இடங்கள் போதும்.

1. படுக்கையிலிருந்து இரண்டு கதவுக்கும் வழி. மூன்று அடி அகலம் வேண்டும். சோதனை எளிது: விளக்கை அணைத்துவிட்டு, உடம்பைத் திருப்பாமல், எதையும் மிதிக்காமல் நடக்க முடிகிறதா? கொல்லைத் தாழ்ப்பாளைத் திறந்து பாருங்கள். பல வருடம் திறக்காத தாழ்ப்பாள் துருப்பிடித்து இறுகியிருக்கும்.

2. அடுப்பும் சாமி விளக்கும். சுற்றி மூன்று அடிக்குள் துணி, காகிதம், சாக்கு எதுவும் வேண்டாம். கேஸ் சிலிண்டரின் வால்வை மூட கை தடையில்லாமல் போக வேண்டும்.

3. ஸ்விட்ச் போர்டும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும். மூட்டைக்கு அடியில் ஓடும் ஒயருக்குச் சூடு வெளியேற வழி இல்லை. அதிலேயே மிக்ஸி, ஃப்ரிட்ஜ், ஃபேன் எல்லாம் சொருகியிருந்தால் உறை உருகும். பிளக் தொட்டால் சுடுகிறதா, பழுப்பு ஏறியிருக்கிறதா, கருகல் வாடை வருகிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் உடனே எலக்ட்ரீஷியன்.

அத்தையிடம் எப்படிப் பேசுவது?

இதுதான் கஷ்டமான பகுதி. பலர் செய்யும் தவறு, அத்தை கல்யாணத்துக்குப் போன நாளில் டிராக்டர் வைத்து அள்ளிவிடுவது. வீடு சில மாதத்தில் திரும்ப நிறையும், அத்தை மட்டும் அடுத்த முறை உங்களை உள்ளே விடமாட்டார். அந்த மூட்டையில் பட்டா, நகைச் சீட்டு, புடவை மடிப்பில் ரூபாய் நோட்டு இருந்திருந்தால் அதுவும் போச்சு. எதையும் பிரித்துப் பார்க்காமல் வெளியே அனுப்பக் கூடாது. குவியலில் தேள், பாம்பு இருக்கலாம், கையை நேராக விடாமல் குச்சியால் தட்டிவிட்டு எடுங்கள்.

'குப்பை' என்ற வார்த்தையை விட்டுவிடுங்கள். அது அவருக்குச் சாமான். பஞ்சம் பார்த்தவர்களுக்குச் சேர்த்து வைப்பது புத்திசாலித்தனம், அதை நாம் கேலி செய்ய முடியாது. பேச்சை அவருடைய பாதுகாப்பில் தொடங்குங்கள்:

"அத்தை, ராத்திரி கரண்ட் போய் அடுப்படியில புகை வந்தா, கொல்லைப் பக்கம் எப்படிப் போவீங்க? ஒரு தடவை நடந்து காட்டுங்களேன்."

நடந்து பார்த்தால் அவருக்கே புரியும். அடுத்து, "தூக்கிப் போடலாம்" என்று சொல்லாமல் "நகர்த்தி வைக்கலாம்" என்று கேளுங்கள்: "இந்தக் கட்டிலை எங்க வைக்கட்டும்? நீங்க சொல்லுங்க, நான் தூக்குறேன்." முடிவு அவருடையது, உழைப்பு உங்களுடையது. முதல் நாள் கொல்லைக் கதவு மட்டும். ஒரு மணி நேரத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

வழி கிடைத்த பிறகுதான் குறைக்கும் பேச்சு. செய்தித்தாளை எடைக்குப் போட்டால் பணம் நேராக அவர் கையில் வரட்டும். புடவையை 'யாருக்கோ' கொடுப்பது வலிக்கும். தெரிந்த வீட்டுப் பிள்ளைக்கு என்றால் மனசு வரும். போகி நல்ல சாக்கு, ஆனால் பிளாஸ்டிக்கை எரிக்காமல் பழைய சாமான் வாங்குபவரிடம் கொடுங்கள்.

எப்போது மருத்துவ உதவி?

சிக்கனம் வேறு, நோய் வேறு. ஒரு காலி டப்பாவைக் கொடுக்கச் சொன்னாலும் பதறுகிறார், படுக்கவோ சமைக்கவோ இடம் இல்லை என்ற நிலை வந்துவிட்டது என்றால் அது பிடிவாதமாக இல்லாமல் இருக்கலாம். அளவுக்கு மீறிச் சேர்த்து வைப்பதை 2013 முதல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியல் தனி நோயாகவே வகைப்படுத்துகிறது. முன்பு இல்லாத பழக்கம் வயதான பிறகு திடீரென வந்தால், மறதி நோயா என்றும் மருத்துவரிடம் கேட்க வேண்டும். அரசின் 'டெலி மானஸ்' இலவச எண் 14416-இல் தமிழில் பேசலாம். அவருக்குப் பதிலாக நீங்களே அழைத்து யோசனை கேட்கலாம்.

தீப்பிடித்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் அத்தையோடு ஒருமுறை பேசிவிடுங்கள்: புகைக்குக் கீழே குனிந்து வெளியே வர வேண்டும், முடிந்தால் கதவைச் சாத்திவிட்டு, வெளியே நின்று 101 அல்லது 112-ஐ அழைக்க வேண்டும். பீரோவுக்காகத் திரும்ப உள்ளே போகக் கூடாது.

இந்த வாரம் ஊருக்குப் போனால் வீடு முழுக்கப் பார்க்க வேண்டாம். கொல்லைக் கதவை மட்டும் அத்தையையே திறந்து காட்டச் சொல்லுங்கள்.