‘உற்பத்தித்திறன்’ என்னும் எச்சம்: யாருடைய உழைப்பு?

கூலி உயர்வு கோரிச் சணல் ஆலைத் தொழிலாளர்கள் பேச்சுவார்த்தைக்கு அமரும்போதெல்லாம், ‘முதலில் உற்பத்தித்திறன் உயரட்டும்’ என்பதே ஆலை முதலாளிகளின் பல்லவி. அந்த உற்பத்தித்திறன் எவ்வாறு கணக்கிடப்படுகிறது என்பதை ஆராய்ந்தால் அப்பல்லவியின் பொய்மை புலப்படும்.

வளர்ச்சிக் கணக்கீடு என்னும் இம்முறையைப் புகழ்பெறச் செய்தவர் அமெரிக்கப் பொருளியலாளர் ராபர்ட் சோலோ. 1957இல் வெளியான அவரது கட்டுரை, 1909 முதல் 1949 வரை அமெரிக்காவில் ஒரு மணிநேர உழைப்பின் உற்பத்தி கண்ட உயர்வில் எட்டில் ஏழு பங்கைத் தொழில்நுட்ப மாற்றத்தின் கணக்கில் சேர்த்தது. ஆனால் தொழில்நுட்பத்தை எவரும் நேரடியாக அளக்கவில்லை. உற்பத்தி வளர்ச்சியிலிருந்து மூலதனத்தின் பங்கையும் உழைப்பின் பங்கையும் கழித்தபின் எஞ்சியதற்கே அப்பெயர் சூட்டப்பட்டது.

கொல்கத்தாவை அடுத்து ஹூக்ளி நதிக்கரையில் ஒரு சணல் ஆலை இருப்பதாகக் கற்பனை செய்வோம். அங்கு ஓராண்டில் உருவாகும் புதுமதிப்பு 10 கோடி ரூபாய். அதில் கூலி 5 கோடி, லாபம் 5 கோடி. மறு ஆண்டும் அதே இயந்திரங்கள், அதே தொழிலாளர்கள். வேலைநேரம் மட்டும் கூடுதல் ஊதியமின்றி 8 மணியிலிருந்து 9 மணியாகிறது. புதுமதிப்பு 11 கோடியாகிறது. உழைப்பைத் தலைக்கணக்கில் அளந்தால் மூலதன வளர்ச்சி பூஜ்யம், உழைப்பின் வளர்ச்சியும் பூஜ்யம். ஆகவே 10 சதவீத வளர்ச்சி முழுவதும் ‘உற்பத்தித்திறன்’ ஆகிவிடுகிறது! மார்க்ஸ் அறுதி உபரி மதிப்பு என்று அழைத்த ஒன்று, இங்கே தொழில்நுட்ப முன்னேற்றமாக வேடமிடுகிறது.

இது வெறும் கற்பனை ஆபத்தன்று. ரிசர்வ் வங்கி வெளியிடும் ‘கிளெம்ஸ்’ தரவுத்தொகுப்பு உழைப்பைத் தொழிலாளர் எண்ணிக்கையாலேயே அளக்கிறது. கல்வித்தகுதிக்கேற்ப அதைத் திருத்துகிறது. வேலைநேரம் அதில் இடம்பெறுவதில்லை.

மணிக்கணக்கில் அளந்தால் போதாதா? உழைப்பு 12.5 சதவீதம் கூடியிருக்கிறது. கூலியின் பங்கு பாதி என்பதால் அதன் பங்களிப்பு 6.25 சதவீதம். எச்சம் 3.75ஆகச் சுருங்கும், மறையாது. மேலும், ஒருவரே கூடுதல் தறிகளைக் கவனிக்கும்படி வேலைப்பளுவை ஏற்றினால், மணிக்கணக்கும் அதைக் காட்டாது.

பணம் எங்கே சென்றது என்று பார்ப்போம். கூலி உயரவில்லை, லாபம் 5 கோடியிலிருந்து 6 கோடியாக, அதாவது 20 சதவீதம் உயர்ந்தது. வருமானத்தில் லாபத்தின் பங்கு பாதி என்பதால், 20இல் பாதி 10. தலைக்கணக்கு காட்டிய ‘உற்பத்தித்திறன்’ அதுவே! புதுமதிப்பு என்பது கூலியும் லாபமும் சேர்ந்த தொகை. ஆகவே எச்சம் எப்போதும் கூலி விகிதம், லாப விகிதம் ஆகியவற்றின் வளர்ச்சி வீதங்களை அவற்றின் வருமானப் பங்குகளால் எடையிட்ட சராசரிக்குச் சமமாகவே அமையும். 1974இல் அன்வர் ஷேக், ‘ஹம்பக்’ (பித்தலாட்டம்) என்ற ஆங்கிலச் சொல்லின் வடிவில் புள்ளிகளை அடுக்கி, அந்த அபத்தத் தரவும் இதே சூத்திரத்தில் கச்சிதமாகப் பொருந்துவதைக் காட்டினார்.

எனவே உற்பத்தித்திறனோடு கூலியை இணைக்க வேண்டும் என்போரிடம் தொழிற்சங்கங்கள் மூன்று கேள்விகளை எழுப்ப வேண்டும். வேலைநேரம் எவ்வளவு கூடியது? ஒருவர் கவனிக்கும் தறிகள் எத்தனை? கூடிய மதிப்பு எவர் கைக்குச் சென்றது? இவற்றுக்கு விடையளிக்காத எந்தச் சதவீதமும் கூலியை மறுக்கும் ஆதாரமாகாது.