“உங்கட ஆக்களுக்கான இடம் முடிஞ்சுது”



கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகளைப் பயிற்சி முகாம்களுக்கு அனுப்புகிற பெற்றோரும், அவற்றை நடத்துகிற தம்பி தங்கச்சிமாரும் கடைசி வரை வாசித்தால் நல்லது.

போன வருஷம் எங்கள் மாணவி ஒருத்தி மூன்று நாள் இளையோர் முகாம் ஒன்றுக்கு விண்ணப்பித்தாள். நன்றாக எழுதியிருந்தாள், நாங்களே வாசித்துப் பார்த்தோம். கிடைக்கவில்லை. தோல்வி பரவாயில்லை, காரணத்தையாவது கேட்போம் என்று ஏற்பாட்டாளர் ஒருவருக்குத் தொலைபேசி எடுத்தோம். “சேர், உங்கட ஆக்களுக்கான இடம் முடிஞ்சுது” என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, மரியாதையாகத்தான் சொன்னார். எல்லா இனமும் கலந்த குழு வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள், முஸ்லிம்களுக்கு 3 இடம் வைத்திருக்கிறார்கள். அந்த மூன்றும் வேறு மாவட்டப் பிள்ளைகளால் நிரம்பிவிட்டன. யாழ்ப்பாணத்தில் நடந்த முகாமில் யாழ்ப்பாணத்து முஸ்லிம் பிள்ளை ஒன்றும் இல்லை.

ஆள் பார்த்துத் தெரிவு செய்கிற முறையே பிழை என்று இதை வைத்து நாங்கள் சொல்ல வரவில்லை. முந்தி விண்ணப்பித்தவருக்கு முதலிடம் என்ற முறையையும் பார்த்தவர்கள் நாங்கள். இரவு எட்டு மணிக்கு வட்ஸ்அப் குழுவில் இணைப்பு வரும், பத்து மணிக்குள் 40 இடமும் போய்விடும். போனது யாருக்கு? சொந்த போன் உள்ள, டேட்டா உள்ள, அந்தக் குழுவில் ஏற்கெனவே இருக்கிற நகரப் பிள்ளைகளுக்கு. நெடுந்தீவில் இருக்கிற பிள்ளை காலையில் பார்க்கும்போது “பதிவு முடிந்தது” என்றுதான் இருக்கும். ஆகவே விண்ணப்பங்களை வாங்கி, வாசித்து, சமநிலை பார்த்து எடுப்பதுதான் நியாயத்துக்குக் கிட்ட உள்ள முறை. ஆனால் சமநிலையை எப்படிச் செய்கிறோம் என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது.

இந்தப் பாடத்தை எங்கள் மண்ணுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தரத் தேவையில்லை. 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்தபோது, பரீட்சை எழுதி முடித்துவிட்ட பிள்ளைகளுக்கு மொழி வாரியாக வெவ்வேறு வெட்டுப்புள்ளிகள் வைக்கப்பட்டன. அந்தக் காயம் என்ன செய்தது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். இன்றைய முறையிலும் சமநிலை பார்க்கிறார்கள். பெரும்பாலான துறைகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை வரிசையில், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்ப, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. இதிலும் குறை சொல்லலாம், சொல்கிறோம். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. விதி விண்ணப்பிக்கும் முன்பே அச்சில் இருக்கிறது. எந்த மாவட்டத்துக்குள் ஒரு பிள்ளை வரும் என்பதற்கும் எழுதிய வரைவிலக்கணம் இருக்கிறது. தோற்றவன் தன் புள்ளியையும் வெட்டுப்புள்ளியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

எங்கள் முகாம்களில் இந்த மூன்றும் இல்லை. முதலில் விண்ணப்பப் படிவத்தையே எடுங்கள். “மாவட்டம்” என்று ஒரு கேள்வி, “இனம்” என்று ஒரு கேள்வி. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட எங்கள் குடும்பங்களில் பல இன்றும் புத்தளத்தில் இருக்கின்றன. உம்மா வாப்பா அங்கே, பிள்ளை இங்கே பெரியம்மா வீட்டில் நின்று படிக்கும். வேறு குடும்பத்தில் இது மறுபக்கமாக இருக்கும். அந்தப் பிள்ளை “மாவட்டம்” என்ற இடத்தில் என்ன எழுதுவது? பிறந்த இடமா, வாக்குப் பதிவா, படிக்கிற பாடசாலையா? எழுதியதைப் பொறுத்து ஒருவர் இரண்டு இடத்திலும் எண்ணப்படுவார், அல்லது ஓரிடத்திலும் எண்ணப்படமாட்டார். “இப்போது படிக்கும் பாடசாலை எந்தக் கல்வி வலயத்தில்?” என்று கேட்டால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

அடுத்தது வரிசை. இதைப் பலர் யோசிப்பதே இல்லை. ஒரு உதாரணக் கணக்குப் போட்டுக் காட்டுகிறோம்.

40 இடம், 130 விண்ணப்பம் என்று வைப்போம். வயது சரி, மூன்று நாளும் வர முடியும், கேள்விகளுக்கு ஒழுங்காகப் பதில் எழுதியிருக்கிறார் என்று பார்த்தால் 95 மிஞ்சுகிறது. இந்த 95ஐயும் இரண்டு பேர் தனித்தனியே வாசித்துப் புள்ளி போட வேண்டும், பெயரும் பாடசாலையும் மறைக்கப்பட்டிருக்க வேண்டும். ஊர்ப் பெயரையும் பாடசாலைப் பெயரையும் பார்த்தவுடன் கை தானாகக் கூடக் குறையப் போடும், நாங்களும் விடைத்தாள் திருத்துகிறவர்கள்தானே, தெரியும். இருவர் புள்ளியும் பெரிதாக வேறுபட்டால் மூன்றாமவர் வாசிக்கட்டும்.

சமநிலை விதிகளை முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறோம்: யாழ் மாவட்டத்தின் ஐந்து வலயங்களிலும் இருந்து குறைந்தது 4 பேர், பெண் பிள்ளைகள் குறைந்தது 18, முஸ்லிம் பிள்ளைகள் குறைந்தது 3.

இப்போது முதல் 24 இடத்தைப் புள்ளி வரிசையில் மட்டும் நிரப்புங்கள். யாழ்ப்பாண வலயம் 11, வலிகாமம் 6, வடமராட்சி 4, தென்மராட்சி 2, தீவகம் 1 என்று வருகிறது என்று வைப்போம். அதற்குப் பிறகுதான் விதியை எடுத்துப் பார்க்க வேண்டும். தென்மராட்சிக்கு 2 குறைகிறது, தீவகத்துக்கு 3 குறைகிறது. அந்த வலயங்களில் அடுத்த கூடிய புள்ளி எடுத்த ஐவரைச் சேர்த்தால் 29. முஸ்லிம் பிள்ளைகள் இதுவரை 2 பேர் என்றால் இன்னும் ஒருவர், ஆக 30. இந்த 30இல் பெண் பிள்ளைகள் 14 என்றால், மிச்சம் 10 இடத்தில் குறைந்தது 4 அவர்களுக்கு. அதை மனதில் வைத்து மீதியைத் திரும்பவும் புள்ளி வரிசையில் நிரப்புங்கள். அந்தப் பத்துக்குள் இன்னொரு முஸ்லிம் பிள்ளை தன் புள்ளியால் வந்தால் வரட்டும். நாலாவது ஆள் என்று யாரும் தடுக்க முடியாது.

எங்கள் மாணவிக்கு நடந்தது இதற்கு மறுதலை. முதலே இடங்களைப் பெட்டி பெட்டியாகப் பிரித்துவிட்டார்கள். முஸ்லிம் பெட்டியில் 3. நாலாவதாக நின்றவள் மற்றப் பெட்டியில் உள்ளவர்களைவிடக் கூடப் புள்ளி எடுத்திருந்தாலும் வெளியேதான். “குறைந்தது 3” என்று நல்ல மனதோடு தொடங்கியது “கூடியது 3” என்று முடிந்துவிட்டது. கதவைத் திறக்க வைத்த விதியே கதவை மூடியது. பல்கலைக்கழக அனுமதியிலும் திறமை வரிசை முதலில் நிரப்பப்பட்டு, பிறகுதான் மாவட்டப் பங்கு பார்க்கப்படுகிறது.

ஏன் குறைந்தது 3, ஒன்று போதாதா என்று கேட்கலாம். வேறொரு நிகழ்ச்சிக்கு எங்கள் பையன் ஒருவன் தனியாகப் போனான். முதல் நாளே நல்லிணக்கம் பற்றிப் பேசச் சொல்லி மேடையில் ஏற்றிவிட்டார்கள். அவன் போனது படம் எடுக்கப் பழக. திரும்பி வந்து, “சேர், நான் அங்க கமராவத் தொட்டது கொஞ்சம், முஸ்லிம்களப் பற்றிப் பதில் சொன்னதுதான் கூட” என்றான். ஒருவனாக நின்றால் அவன் சமூகத்தின் பேச்சாளர். மூன்று பேராக நின்றால் ஒருவன் கூச்சக்காரன், ஒருத்தி வாயாடி, ஒருவன் கிரிக்கெட் பைத்தியம். அப்போதுதான் மற்றப் பிள்ளைகளும் எங்களை ஆட்களாகப் பார்ப்பார்கள். தீவகத்துப் பிள்ளைக்கும் இது பொருந்தும்.

கடைசியாக, பட்டியலில் சமநிலை இருந்தால் மண்டபத்தில் இருக்கும் என்று நம்ப வேண்டாம். அது உடைவது அறிவிப்புக்கும் முகாமுக்கும் இடைப்பட்ட நாட்களில். முகாம் வெள்ளிக்கிழமை தொடங்குகிறது, ஜும்ஆவுக்கு நேரம் இருக்கிறதா தெரியாது. சாப்பாடு எங்கிருந்து வருகிறது தெரியாது. பெண் பிள்ளைகளோடு இரவில் எந்த ஆசிரியை நிற்கிறார் தெரியாது. உம்மா “வேணாம் மகள்” என்றுவிடுவார். குறிகாட்டுவானுக்கு வருகிற படகு நேரத்தைப் பார்க்காமல் காலை எட்டு மணிக்குத் தொடங்கினால் நெடுந்தீவுப் பிள்ளையும் நின்றுவிடும். பிறகு, “இடம் குடுத்தம், அவங்க வரேல்ல” என்று அறிக்கையில் எழுதுவார்கள். பத்து நாள் முன்பே வீட்டாருடன் பேசினால் இதில் பாதி வராது.

அப்படியும் ஒருவர் நின்றால் பதிலுக்கு யார்? ஒவ்வொரு வலயத்துக்கும் காத்திருப்போர் பட்டியல் வேண்டும். தீவகத்துப் பிள்ளை நின்றால் அடுத்த தீவகத்துப் பிள்ளைக்குத்தான் தொலைபேசி போக வேண்டும். அவசரத்தில் ஏற்பாட்டாளரின் மச்சானுக்குப் போகக் கூடாது. இது எங்கள் ஊர் நோய் மட்டும் இல்லை. அயர்லாந்தில் வயது, பால், பிரதேசம், சமூக வகுப்பு எல்லாம் பார்த்து 99 பேரைச் சேர்த்து மக்கள் பேரவை நடத்தினார்கள். விலகியவர்களுக்குப் பதிலாக 2018 ஜனவரிக் கூட்டத்துக்குச் சேர்க்கப்பட்டவர்களில் 7 பேரை, ஆள் சேர்க்கிறவர் முறைப்படி வீடு வீடாகப் போகாமல் தெரிந்தவர்கள் மூலம் பிடித்தது பிறகு வெளியே வந்தது. அந்த ஏழு பேரும் நீக்கப்பட்டார்கள். அரசாங்கம் நடத்திய சபையிலேயே ஓட்டை விழுந்தது மாற்றாள் பிடிக்கிற இடத்தில்தான்.

ஆகவே ஏற்பாட்டாளர்களிடம் நாங்கள் கேட்பது இவ்வளவுதான். எந்தச் சமநிலை பார்க்கிறீர்கள் என்பதை விண்ணப்பப் படிவத்தின் மேலேயே எழுதுங்கள். குறைந்தபட்சம் என்றால் குறைந்தபட்சமாகவே வையுங்கள். கிடைக்காத பிள்ளைக்கு இரண்டு வரி அனுப்புங்கள்: எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், காத்திருப்போர் பட்டியலில் நீ எத்தனையாவது என்று. அந்த இரண்டு வரி வந்தால் அவள் அடுத்த வருஷமும் விண்ணப்பிப்பாள்.

எங்கள் ஆட்களுக்கும் ஒன்று. போன முறை எத்தனை முஸ்லிம் பிள்ளைகள் விண்ணப்பித்தார்கள் என்று கேட்டதற்கு மாவட்டத்திலிருந்து இரண்டே இரண்டு என்றார்கள். இரண்டு விண்ணப்பத்தை வைத்து மூன்று பேரை எடுக்க யாராலும் முடியாது. பெண் பிள்ளை எங்கே போகப் போகிறாள் என்று படிவத்தை நிரப்பாமலே விடுகிறோம், பிறகு எங்களை எடுக்கவில்லை என்கிறோம். இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாது.

அந்த மாணவி இந்த முறையும் நிரப்பியிருக்கிறாள். முடிவு என்னவானாலும், “இடம் முடிஞ்சுது” என்ற பதிலை அவளுக்குத் திரும்பவும் கொண்டுபோய்ச் சொல்ல எங்களுக்கு மனமில்லை.

முகாம் நடத்தி அனுபவம் உள்ளவர்கள் கீழே எழுதுங்கள். எங்கள் கணக்கில் பிழை இருந்தாலும் திருத்துங்கள், கோபிக்கமாட்டோம்.