வயதானவர்களுக்கு கொஞ்சம் கூடுதல் எடை பாதுகாப்பா? ஆய்வாளர்கள் 20 ஆண்டுகளாக மோதிக்கொள்வது ஏன்?

அம்மாவுக்கு 70 வயது. முழு உடல் பரிசோதனை ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வருகிறது. சர்க்கரை பரவாயில்லை, ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருக்கிறது. ஆனால் பி.எம்.ஐ என்ற வரியில் மட்டும் 26 என்று சிவப்பு எழுத்து. உடனே நாம் என்ன சொல்வோம்? "நைட்டுக்கு சாதம் வேண்டாம்மா, ரெண்டு இட்லியோட நிறுத்திக்கோங்க."

எடை குறைப்பு ஊசிகளான மவுன்ஜாரோ, வீகோவி இரண்டும் 2025-ல் இந்தியச் சந்தைக்கு வந்துவிட்ட பிறகு, இந்தப் பேச்சு இட்லியோடு நிற்பதும் இல்லை. ஆனால் 70 வயதில் பி.எம்.ஐ 26 என்பது உண்மையிலேயே ஆபத்தா? சில பெரிய ஆய்வுகள் இல்லை என்கின்றன. அந்த வயதில் லேசான கூடுதல் எடை உள்ளவர்கள்தான் அதிக நாள் வாழ்கிறார்கள் என்றுகூட அவை காட்டுகின்றன. இதற்கு 'உடல் பருமன் முரண்' என்று பெயர். இதை நம்பலாமா என்பதில்தான் பெரிய சண்டை.

அந்த 26 எங்கிருந்து வந்தது?

எடையை கிலோவில் எடுத்து, உயரத்தை மீட்டரில் எடுத்து, அந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது பி.எம்.ஐ. 158 செ.மீ உயரம், 65 கிலோ எடை என்றால் 26. உலக அளவில் 18.5 முதல் 24.9 வரை இயல்பு, 25 முதல் 29.9 வரை கூடுதல் எடை, 30-க்கு மேல் உடல் பருமன்.

இதில் ஒரு சின்ன விஷயத்தைக் கவனியுங்கள். வயதாக ஆக முதுகெலும்பு சுருங்கி உயரம் குறையும். இதே அம்மா 40 வயதில் 162 செ.மீ இருந்திருந்தால், அதே 65 கிலோவுக்கு அப்போது பி.எம்.ஐ 24.8. அதாவது இயல்பு. ஒரு கிலோகூட ஏறாமலேயே அவர் 'கூடுதல் எடை' பட்டியலுக்குள் வந்துவிட்டார்.

சண்டை எப்படி ஆரம்பித்தது?

வயதுக்கு ஏற்ப எடை வரம்பும் மாற வேண்டும் என்று அமெரிக்காவின் தேசிய முதுமை ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ரூபன் ஆண்ட்ரஸ் 1985-லேயே எழுதினார். ஆனால் பெரிய மோதல் வெடித்தது 2005-ல்தான். அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தில் இருந்த புள்ளியியலாளர் கேத்ரின் ஃப்ளீகல், 'ஜாமா' மருத்துவ இதழில் ஒரு கணக்கை வெளியிட்டார். உடல் பருமனால் அதிக மரணங்கள் நிகழ்கின்றன, ஆனால் 25 முதல் 30 வரையிலான 'கூடுதல் எடை' பிரிவில் இயல்பு எடைக்காரர்களைவிட மரணங்கள் குறைவு என்றது அந்தக் கணக்கு.

2013-ல் ஃப்ளீகல் குழு 97 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்தது. மொத்தம் சுமார் 28.8 லட்சம் பேர். கூடுதல் எடை உள்ளவர்களுக்கு மரண அபாயம் 6 சதவீதம் குறைவு என்று முடிவு வந்தது. பி.எம்.ஐ 35-ஐத் தாண்டியவர்களுக்கு 29 சதவீதம் அதிகம்.

ஹார்வர்டைச் சேர்ந்த ஊட்டச்சத்து ஆய்வாளர் வால்டர் வில்லட் கொதித்துப்போனார். அந்த ஆய்வே ஒரு குப்பைக் குவியல், அதைப் படித்து யாரும் நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று வானொலியில் வெளிப்படையாகவே சொன்னார். சக ஆய்வாளர் ஒருவரைப் பற்றி இப்படிப் பேசுவது அறிவியல் உலகில் அபூர்வம். அவருடைய கோபத்துக்குப் பின்னால் ஒரு நியாயமான கேள்வியும் இருந்தது. 'இயல்பு எடை' வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் ஆரோக்கியமானவர்களா?

ஒல்லியானவர்கள் எல்லாம் ஒரே ரகமா?

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 70 வயதுக்காரர்கள், இயல்பு எடையில் 100 பேர், கூடுதல் எடையில் 100 பேர்.

இயல்பு எடை வரிசையில் 90 பேர் வாழ்நாள் முழுக்க அதே எடையில் இருந்தவர்கள். மீதி 10 பேர் முன்பு குண்டாக இருந்து, புற்றுநோய், நுரையீரல் நோய், இதயச் செயலிழப்பு என்று ஏதோ ஒன்றால் உடல் கரைந்து இங்கே வந்து சேர்ந்தவர்கள். அடுத்த 10 ஆண்டுகளில் அந்த 90 பேரில் 9 பேரும், நோயால் இளைத்த 10 பேரில் 6 பேரும் இறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 15. கூடுதல் எடை வரிசையில் 12 பேர் இறக்கிறார்கள்.

மேலோட்டமாகப் பார்த்தால் 15-ஐவிட 12 குறைவு. 'கூடுதல் எடை காப்பாற்றுகிறது' என்று தலைப்பு போட்டுவிடலாம். ஆனால் நோயில்லாத ஒல்லிக்காரர்களை மட்டும் எடுத்தால் 90-ல் 9, அதாவது 10 சதவீதம்தான். அவர்கள்தான் உண்மையில் பாதுகாப்பாக இருந்தவர்கள். எடை குறைந்ததால் நோய் வரவில்லை. நோய் வந்ததால் எடை குறைந்தது. காரணமும் விளைவும் இடம் மாறிவிட்டன.

புகைப்பிடிப்பவர்களாலும் இதே குழப்பம் வரும். அவர்கள் பொதுவாக ஒல்லியாக இருப்பார்கள், சீக்கிரம் இறப்பார்கள். பழி எடையின் மேல் விழும்.

சலித்து எடுத்தபோது என்ன தெரிந்தது?

2016-ல் 'லான்செட்' இதழில் வெளியான சர்வதேச ஆய்வு இந்தச் சலிப்பைச் செய்தது. ஒரு கோடிக்கும் அதிகமானோரின் தரவுகளை எடுத்து, எப்போதாவது புகைப்பிடித்தவர்கள், ஏற்கெனவே நாள்பட்ட நோய் உள்ளவர்கள், முதல் 5 ஆண்டுகளுக்குள் இறந்தவர்கள் ஆகியோரை நீக்கியது. மீதம் இருந்தவர்கள் சுமார் 39 லட்சம் பேர். அவர்களில் மரண அபாயம் மிகக் குறைவாக இருந்தது பி.எம்.ஐ 20 முதல் 25 வரை உள்ளவர்களுக்கு. 25-ஐத் தாண்டியதும் அபாயம் ஏறத் தொடங்கியது.

அப்போ சண்டை முடிந்ததா? இல்லை. பாதிக்கும் மேற்பட்டவர்களைத் தூக்கிப் போட்டுவிட்டு வரும் முடிவு யாருக்குப் பொருந்தும் என்பது எதிர்த்தரப்பின் கேள்வி. 70 வயதில் எந்த நோயும் இல்லாத, ஒருநாளும் புகைப்பிடிக்காத மனிதர்கள் எத்தனை பேர்? நிஜ உலகின் முதியவர்கள் அந்த வடிகட்டியில் நீக்கப்பட்டவர்களைப் போலத்தானே இருக்கிறார்கள்!

இன்னொன்று, அதே லான்செட் ஆய்விலேயே வயது முக்கியம் என்று தெரிந்தது. பி.எம்.ஐ 25-க்கு மேல் ஒவ்வொரு 5 புள்ளி ஏறும்போதும் 35 முதல் 49 வயதுக்காரர்களுக்கு அபாயம் 52 சதவீதம் கூடியது. 70 முதல் 89 வயதுக்காரர்களுக்கு 21 சதவீதம்தான். எடை தரும் ஆபத்து முதுமையில் மறையவில்லை, ஆனால் மங்கிவிடுகிறது.

65 வயதைத் தாண்டியவர்களை மட்டும் எடுத்துக்கொண்ட ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று 2014-ல் வந்தது. 32 ஆய்வுகள், சுமார் 1.98 லட்சம் பேர். பி.எம்.ஐ 23-24 உள்ளவர்களோடு ஒப்பிட்டால், 20-21 உள்ளவர்களுக்கு மரண அபாயம் 19 சதவீதம் அதிகம். மறுபக்கம், 33-ஐத் தாண்டிய பிறகுதான் அபாயம் கூடுவது தெளிவாகத் தெரிந்தது. சீக்கிரம் இறந்தவர்களையும் நோயாளிகளையும் நீக்கிப் பார்த்தபோதும் படம் பெரிதாக மாறவில்லை.

கொஞ்சம் சதை இருப்பதால் என்ன லாபம்?

இதற்கு நம்பத்தகுந்த விளக்கங்கள் உண்டு. முதலாவது, கையிருப்பு. நிமோனியாவோ பெரிய அறுவை சிகிச்சையோ வந்து இரண்டு வாரம் படுத்துவிட்டால், வயதானவர்களுக்குச் சாப்பாடு இறங்காது. உடல் தன் சேமிப்பிலிருந்துதான் எடுத்துச் செலவு செய்யும். 42 கிலோ எடையுள்ள ஒரு பாட்டியிடம் அந்தச் சேமிப்பு மிகவும் குறைவு.

இரண்டாவது, எலும்பு. பி.எம்.ஐ 25 உள்ளவர்களைவிட 20 உள்ளவர்களுக்கு இடுப்பு எலும்பு முறியும் அபாயம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. எடையைத் தாங்கித் தாங்கியே எலும்பு உறுதியாகிறது, விழும்போது இடுப்பைச் சுற்றியுள்ள சதை மெத்தை போலவும் உதவுகிறது.

ஆனால் இதை வைத்து 'குண்டாக இருந்தால் நல்லது' என்று முடிவு கட்டிவிட முடியாது. பி.எம்.ஐ-க்குக் கொழுப்பு எது, தசை எது என்று தெரியாது. கை கால் மெலிந்து, வயிறு மட்டும் முன்னே தள்ளியிருக்கும் 70 வயதுக்காரரைப் பார்த்திருப்பீர்கள். அவருக்கும் பி.எம்.ஐ 26 வரலாம். ஆனால் அது தசை கரைந்து கொழுப்பு சேர்ந்த 26. மிக மோசமான கூட்டணி. தவிர, மரணத்தை மட்டும் எண்ணும் ஆய்வுகள், தேய்ந்த மூட்டோடும் சர்க்கரை நோயோடும் கழிக்கும் ஆண்டுகளைக் கணக்கில் எடுப்பதில்லை.

நம் ஊர்க் கணக்கு வேறா?

இந்தியர்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய் வருவதால், இங்கே 23-க்கு மேல் கூடுதல் எடை, 25-க்கு மேல் பருமன் என்று மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். அந்தக் கணக்கில் நம் அம்மா ஏற்கெனவே 'பருமன்'. ஆனால் இந்த வரம்பு முதன்மையாக நோய் அபாயத்தை வைத்துப் போடப்பட்டது; 70 வயதுக்காரர்களுக்கென்று தனியாக வகுக்கப்பட்டதல்ல.

ஆசியாவில் 11 லட்சத்துக்கும் அதிகமானோரை வைத்து 2011-ல் வெளியான ஆய்வில், இந்தியர்கள், வங்கதேசத்தவர்களிடம் மரண அபாயம் கூடியது பி.எம்.ஐ 20-க்குக் கீழே இருந்தவர்களுக்குத்தான். அதிக எடைக்கும் மரணத்துக்கும் அங்கே தெளிவான தொடர்பு தெரியவில்லை. வறுமையும் தொற்று நோய்களும் இதில் கலந்திருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

ஜப்பான் இதை நேரடியாகவே கையாள்கிறது. அங்கே அரசின் உணவு வழிகாட்டியில், இளைஞர்களுக்கான பி.எம்.ஐ இலக்கு 18.5-ல் தொடங்கும். 65 வயதானவர்களுக்கு அது 21.5-ல் தொடங்குகிறது. மேல் எல்லை இருவருக்கும் 24.9தான். அதாவது, 'குண்டாகுங்கள்' என்று ஜப்பான் சொல்லவில்லை. 'இளைத்துவிடாதீர்கள்' என்கிறது.

அப்படியானால் அம்மா என்ன செய்வது?

இரண்டு தரப்பும் ஒத்துப்போகும் இடம் இதுதான்: முதுமையில் தானாக எடை குறைவது ஆபத்தின் அறிகுறி. முயற்சி எதுவும் செய்யாமல் 6 முதல் 12 மாதங்களில் 5 சதவீதம் குறைந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். 65 கிலோ அம்மாவுக்கு அது வெறும் மூன்றேகால் கிலோ. "அம்மா ஸ்லிம்மாயிட்டாங்க" என்று நாம் சந்தோஷப்படும் நேரத்தில், உள்ளே வேறு ஏதாவது நடந்துகொண்டிருக்கலாம்.

பி.எம்.ஐ 30-ஐத் தாண்டி, மூட்டு வலி, சர்க்கரை என்று இருப்பவர்களுக்கு எடை குறைப்பு பலன் தரும். ஆனால் எப்படிக் குறைக்கிறோம் என்பது முக்கியம். உடல் பருமன் கொண்ட 65 வயதைத் தாண்டிய 160 பேரிடம் அமெரிக்காவில் நடந்த சோதனையின் முடிவு 2017-ல் வெளியானது. உணவுக் கட்டுப்பாட்டோடு உடற்பயிற்சியும் செய்தவர்கள் எல்லோருக்கும் சுமார் 9 சதவீத எடை குறைந்தது. ஆனால் நடை போன்ற பயிற்சி மட்டும் செய்தவர்கள் தசை உள்ளிட்ட கொழுப்பற்ற எடையில் 5 சதவீதத்தை இழந்தார்கள். அதோடு எடை தூக்கும் பயிற்சியும் சேர்த்துச் செய்தவர்கள் இழந்தது 3 சதவீதம். நடமாடும் திறனும் அவர்களுக்கே அதிகம் மேம்பட்டது. மருந்தோ ஊசியோ எடுத்துக் குறைத்தாலும் இதே கவலை உண்டு. தசையைக் காப்பாற்றாத எடை குறைப்பு, முதியவர்களுக்கு லாபமே இல்லை.

எனவே பி.எம்.ஐ 26 என்ற ஒரு எண்ணை மட்டும் பார்த்து அம்மாவின் ராத்திரி சாப்பாட்டில் கை வைக்காதீர்கள். கடந்த வருடம் என்ன எடை, இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ-ஐ எவ்வளவு தாண்டியிருக்கிறது, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா? அந்த ரிப்போர்ட்டோடு இந்த மூன்று பதில்களையும் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். சிவப்பு எழுத்தைவிட அவை அதிகம் சொல்லும்.