'ஊரே காரணம்' என்று சொன்னால் போதுமா? கண்ணகி - முருகேசன் வழக்கு காட்டும் பழிக் கணக்கு

சிதம்பரத்திலிருந்து விருத்தாசலம் போகும் பஸ் புவனகிரி, சேத்தியாத்தோப்பு வழியாகத்தான் போகும். அந்த ரூட்டில் டீக்கடையிலோ பஸ்ஸிலோ 'கண்ணகி - முருகேசன்' என்று பேச்சை எடுத்தால், விவரம் தெரிந்தவர்கள் பெருமூச்சோடு ஒன்று சொல்வார்கள்: "அதுக்கு ஊரே காரணம்ங்க."

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கொன்றவர்களை மட்டும் சொல்லாமல், வேடிக்கை பார்த்தவர்களையும் விடவில்லையே! ஆனால் இந்த வழக்கைக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்தால், அந்த வாக்கியத்தின் ஆபத்தும் தெரியும். ஏனென்றால், பழியை 'எல்லார் மேலேயும்' போடும் வேலையை இந்த வழக்கில் முதலில் செய்தது போலீஸ்.

என்ன நடந்தது?

விருத்தாசலம் அருகே உள்ள புதுக்கூரைப்பேட்டையைச் சேர்ந்தவர் முருகேசன். தலித். கெமிக்கல் இன்ஜினீயரிங் பட்டதாரி. அதே ஊரைச் சேர்ந்த கண்ணகி, வன்னியர் சமூகத்தவர். அவருடைய அப்பா ஊராட்சித் தலைவராக இருந்தவர். இருவரும் 2003 மே 5 அன்று கடலூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். விஷயம் வெளியே தெரியாமல் தனித்தனியாக இருந்தார்கள்.

விஷயம் தெரிந்ததும் கண்ணகியின் குடும்பத்தார் முருகேசனைப் பிடித்துவைத்தார்கள். கண்ணகி எங்கே இருக்கிறார் என்பதை முருகேசனின் உறவினர் ஒருவரை மிரட்டித்தான் தெரிந்துகொண்டார்கள். ஜூலை 8 அதிகாலை இருவருக்கும் வலுக்கட்டாயமாக விஷம் கொடுக்கப்பட்டது. உடல்கள் எரிக்கப்பட்டன. ஊர்க்காரர்கள் பலர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

முருகேசனின் குடும்பம் விருத்தாசலம் காவல் நிலையத்துக்கு ஓடியது. புகாரை வாங்காமல் விரட்டினார்கள். பத்திரிகையில் செய்தி வந்த பிறகு, ஒன்பது நாள் கழித்து ஜூலை 17 அன்றுதான் எஃப்.ஐ.ஆர். போடப்பட்டது. அதிலும், இரண்டு வீட்டாரும் சேர்ந்து செய்த கொலை என்பதுபோல் வழக்கு ஜோடிக்கப்பட்டது. மகனைப் பறிகொடுத்த முருகேசனின் அப்பாவே குற்றம் சாட்டப்பட்டவர் ஆனார்.

2004-ல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. கடலூர் சிறப்பு நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது 2021 செப்டம்பர் 24 அன்று. பதினெட்டு வருஷம்! குற்றம் சாட்டப்பட்ட 15 பேரில் 13 பேர் குற்றவாளிகள். கண்ணகியின் அண்ணனுக்குத் தூக்கு. அப்பா, போலீஸ் அதிகாரிகள் இருவர் உள்பட 12 பேருக்கு ஆயுள். 2022-ல் உயர் நீதிமன்றம் தூக்கை ஆயுளாகக் குறைத்து, இருவரை விடுவித்தது. மீதி 11 பேரின் மேல்முறையீட்டை 2025 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. போலீஸார் இருவர் செய்ததும் குற்றம்தான் என்பது அங்கேயும் உறுதியானது.

சமமாகப் பிரித்தால் என்ன ஆகும்?

போலீஸ் செய்ததை இன்னொரு முறை பாருங்கள். கொலையே நடக்கவில்லை என்று அவர்கள் சொல்லவில்லை. கொன்ற தரப்பை முழுசாக விட்டுவிடவும் இல்லை. பழியை இரண்டு பக்கமும் பிரித்து வைத்தார்கள், அவ்வளவுதான். 'இரண்டு குடும்பமும் சேர்ந்து செய்தது' என்று ஆகிவிட்டால் புகார் கொடுக்க யாரும் மிஞ்ச மாட்டார்கள். பாதிக்கப்பட்டவனின் அப்பா சாட்சிக் கூண்டுக்குப் பதிலாகக் குற்றவாளிக் கூண்டில் நிற்பார். சாதிக் கொலை என்ற அடையாளமே காணாமல் போய்விடும்.

'எல்லாரும் காரணம்' என்று சொல்லும்போது இதுதான் நடக்கிறது. பழியை நாம் ஒரு பானைச் சோறு மாதிரி நினைத்துக்கொள்கிறோம். பத்துப் பேர் வந்தால் ஆளுக்குப் பத்தில் ஒன்று. ஊரே வந்தால் ஆளுக்கு ஒரு பருக்கை. ஆனால் பழி அப்படிக் குறையாது. வேடிக்கை பார்த்தவனின் பழி, விஷம் கொடுத்தவனின் பழியிலிருந்து வெட்டி எடுத்த துண்டு இல்லை. அது அவனுடைய தனிக் கணக்கு. இதன் பெயரைச் சொல்லி அதைக் கழிக்க முடியாது. அதைக் காட்டி இதை மறைக்கவும் முடியாது.

சட்டம் மவுனத்தைத் தண்டிக்குமா?

பலர் நினைப்பதைவிட அதிகமாகவே சட்டம் இதில் பேசுகிறது. கும்பலில் நின்றதாலேயே ஒருவர் கொலைகாரர் ஆகிவிட மாட்டார். கும்பலின் நோக்கம் அவருக்கும் இருந்ததா என்று நீதிமன்றம் பார்க்கும். சும்மா எட்டிப் பார்க்க வந்தவர் வேறு. யாரும் தப்பிவிடாதபடி வழியை மறித்து நின்றவர் வேறு. இரண்டாமவர் கையால் எதையும் தொடாவிட்டாலும் குற்றவாளிதான்.

அதோடு, கொலை நடந்தது அல்லது நடக்கப்போகிறது என்று தெரிந்தால் போலீஸுக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ சொல்ல வேண்டியது ஒவ்வொருவரின் கடமை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 39-வது பிரிவு, அதன் இடத்தில் வந்த புதிய சட்டத்தின் 33-வது பிரிவு இரண்டும் இதைத்தான் சொல்கின்றன. நியாயமான காரணம் இருந்தால் மட்டும் விலக்கு. அந்தக் காரணத்தையும் சொல்லாமல் இருந்தவர்தான் நிரூபிக்க வேண்டும்.

ஆனால் புதுக்கூரைப்பேட்டையில் சொல்லப் போனவர்களுக்கு என்ன நடந்தது? காவல் நிலைய வாசலிலேயே விரட்டப்பட்டார்கள். புகாரை வாங்காத நிலையத்துக்கு எதிரில் 'நீ ஏன் சொல்லவில்லை?' என்ற கேள்வியின் பலம் பாதியாகிவிடுகிறது. போலீஸின் குற்றம் ஊரின் குற்றத்தைவிட ஏன் பெரியது என்பதற்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. அவர்கள் தாங்கள் சும்மா இருந்ததோடு நிற்கவில்லை. மற்றவர்கள் பேசினாலும் பயனில்லை என்று ஆக்கினார்கள். பேசுவதற்காகவே சம்பளம் வாங்கும் வேலை அது. பட்டியல் சாதி, பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், கடமையை வேண்டுமென்றே செய்யாத அரசு ஊழியருக்குத் தண்டனை தரத் தனியாக 4-வது பிரிவு இருப்பதும் அதனால்தான்.

அப்போ மற்றவர்களை எப்படி எடைபோடுவது?

கோர்ட்டுக்கே வராதவர்கள் ஊரில் பல பேர். அவர்களைப் பற்றி யோசிக்க மூன்று கேள்வி போதும். ஒருவருக்கு என்ன தெரியும்? அவரால் என்ன செய்திருக்க முடியும், அதற்கு என்ன விலை கொடுத்திருப்பார்? நடந்ததால் அவருக்கு என்ன கிடைத்தது?

மிரட்டலுக்குப் பணிந்து கண்ணகியின் இடத்தைச் சொன்ன உறவினரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய வாயிலிருந்து வந்த தகவல் இல்லாமல் கண்ணகி சிக்கியிருக்க மாட்டார். சங்கிலியில் அது பெரிய கண்ணி. ஆனால் சொல்லாவிட்டால் அவருக்கு விலை உயிர். அவருக்குக் கிடைத்த லாபம் ஒன்றுமில்லை. விளைவு பெரியது என்பதற்காகப் பழியும் பெரியது ஆகிவிடாது.

அடுத்து, கொன்றவர்களின் அதே சாதியில், நிலம் நீச்சோடு இருந்த, ஊரில் நாலு பேர் மதிக்கும் ஒருவரைக் கற்பனை செய்து பாருங்கள். அவர் எதையும் தொடவில்லை. ஆனால் அந்த இடத்தில் "வேண்டாம்ப்பா, விடு" என்று சொல்லிவிட்டு வீடு திரும்பியிருக்கக்கூடியவர் அவர்தான். அவருக்கு விலை உயிர் இல்லை. ஒரு பகை, கொஞ்சம் பேச்சுவார்த்தை நின்றுபோவது. மேலே சொன்ன உறவினரைவிடச் சங்கிலியில் வெகு தூரத்தில் இருந்தும், அவருடைய பழி கனமானது.

மூன்றாவது கேள்விதான் பலரும் தொடாத இடம். அன்று ஊரிலேயே இல்லாதவர், கொலையைக் கேட்டு மனசார வருந்தியவர் ஒருவர். அவருக்குக் கல்யாண வயதில் மகள். அந்தக் கொலைக்குப் பிறகு வீட்டில் அவர் எதையும் மிரட்டிச் சொல்ல வேண்டியதில்லை. மகளுக்கே புரிந்துவிடும். யாரோ செய்த கொலையின் பயம் அவருக்காகவும் வேலை செய்கிறது. அவர் குற்றவாளியா? கிடையாது. ஆனால் பயனாளி. கேட்காமலே கைக்கு வந்த பயனுக்குத் தண்டனை இல்லை. அதைக் கையில் வைத்துக்கொள்வதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். "நீ யாரைக் கட்டிக்கிட்டாலும் உன் உயிருக்கு நான் பொறுப்பு" என்று மகளிடம் வாய்விட்டுச் சொல்வதுதான் அந்தப் பயனைத் திருப்பிக் கொடுக்கும் வழி. சொல்லாதவரை அவர் அதை அனுபவித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

நாஜி ஆட்சி முடிந்ததும் ஜெர்மனியில் இதே கேள்வி வந்தது. தத்துவப் பேராசிரியர் கார்ல் யாஸ்பர்ஸ், 1946-ல் வெளியான தன் நூலில், சட்டப்படியான குற்றம், குடிமக்களாகச் சுமக்க வேண்டிய அரசியல் பொறுப்பு, மனசாட்சிக் குற்றம், சக மனிதன் சாகும்போது பிழைத்திருப்பதன் குற்றம் என்று நான்காகப் பிரித்தார். முதலாவதை கோர்ட் தீர்க்கும். மனசாட்சிக் குற்றத்தை அவரவர்தான் தீர்க்க வேண்டும். ஒரு இனத்தையே குற்றவாளி என்பது அவருக்கு ஏற்பில்லை. அதே மூச்சில், 'நான் எதுவும் செய்யலையே' என்று யாரையும் தப்பிக்கவும் அவர் விடவில்லை.

காலம் போனால் பழி குறையுமா?

சில சமயம் கூடும். விசாரணையில் ஒரு மாதிரி சொல்லிவிட்டுக் கோர்ட்டில் மாற்றிச் சொன்ன பிறழ் சாட்சிகள் இந்த வழக்கில் பலர். கொலை நடந்த அதிகாலையில் வாயடைத்து நின்றதற்கு அதிர்ச்சி, பயம் என்று காரணம் உண்டு. யோசிக்க நிமிஷங்கள்தான் கிடைத்தன. சாட்சிக் கூண்டில் காட்டிய மவுனம் அப்படி இல்லை. வருஷக்கணக்காக யோசித்து எடுத்த முடிவு.

ஆனாலும் அவர்களின் விலையையும் பார்க்க வேண்டும். சாட்சி சொன்னவர் சாயங்காலம் அதே ஊருக்குத்தான் திரும்பி வர வேண்டும். அதே தெரு, அதே வயல், அதே கடை. சாட்சிகள் பாதுகாப்புக்கென நாடு முழுவதற்குமான திட்டத்துக்கு உச்ச நீதிமன்றம் ஒப்புதல் தந்ததே 2018-ல்தான். அதுவரை பதினைந்து வருஷம் சாட்சிகளை அப்படியே விட்டுவைத்த அரசுக்கும் அந்த மவுனத்தில் பங்கு உண்டு. இதே ஊரில், இதே பயத்தில், முருகேசனின் சிற்றன்னை கடைசிவரை மாறாமல் சாட்சி சொன்னார். உச்ச நீதிமன்றமும் அந்தச் சாட்சியத்தை ஏற்றது. பேசுவது முடியாத காரியம் இல்லை, விலை அதிகமான காரியம் என்பதற்கு அவரே அடையாளம். அந்த விலையை அவரைவிடக் குறைவாகக் கொடுத்திருக்கக் கூடியவர்கள்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும்.

ஆகவே அடுத்த முறை யாராவது "ஊரே காரணம்ங்க" என்று பெருமூச்சு விட்டால், அங்கேயே நிறுத்திவிட வேண்டாம். "ஊர்ல யாரு? அவருக்கு என்ன தெரியும்? வாயைத் திறந்திருந்தா அவருக்கு என்ன போயிருக்கும்?" என்று கேட்டுப் பார்க்கலாம். பெருமூச்சு விட்டவரின் பெயரும் அந்தக் கணக்கில் எங்கோ ஒரு வரியில் இருக்கக்கூடும்.