கன்னமிடப்பட்ட சுவர்



சில மாதங்களுக்கு முன், ஞாயிறு ஆராதனை முடிந்தபின் சகோதரி ஒருவர் என்னிடம் தனியே பேச விரும்பினார். வயது அறுபதைக் கடந்தவர். அவருடைய அனுமதியோடு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.

வாரத்தில் மூன்று நான்கு இரவுகள் அவருக்கு ஒரே சொப்பனம். கொல்லைப்புறக் கதவு திறக்கிறது. முகம் தெரியாத ஒருவன் உள்ளே வந்து கட்டிலருகே நிற்கிறான். கூப்பிட முயன்றால் குரல் எழும்புவதில்லை. விழித்துப் பார்த்தால் மணி மூன்று. உறவினர் ஒருவர் அது செய்வினை என்றாராம். ஜெபக்குழுவில் ஒருவர், பொல்லாத ஆவி வீட்டுக்குள் வந்துவிட்டது, உபவாசம் இருங்கள் என்றாராம். இன்னொருவர், நிஜமாகவே திருடன் வரப்போகிறான், இது முன்னெச்சரிப்பு என்றாராம். அதற்குப்பின் விளக்கை அணைக்காமல் படுக்கிறார். ஒரு மணி வரை விழித்திருக்கிறார். “ஐயா, என் விசுவாசத்தில் குறையா?” என்று கேட்டு அழுதார்.

அந்த மூன்று பதில்களும் தவறு என்பதே என் கருத்து. மூன்றும் திருடனையே பார்த்தன. வீட்டை ஒருவரும் பார்க்கவில்லை.

மத்தேயு 6:19-லும் 24:43-லும் திருடனைப் பற்றி ஆண்டவர் பேசும்போது நம் தமிழ் வேதாகமம் ‘கன்னமிடுதல்’ என்கிறது. கன்னம் என்பது சுவரில் துளைக்கப்படும் ஓட்டை. மூலத்திலுள்ள கிரேக்கச் சொல்லின் பொருளும் தோண்டித் துளைப்பதுதான். அக்காலத்துப் பாலஸ்தீனத்தில் எளியோரின் வீட்டுச் சுவர்கள் பெரும்பாலும் மண்ணாலும் வெயிலில் காய்ந்த செங்கல்லாலும் ஆனவை. வீட்டுக்காரன் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பான். திருடனோ சுவர் வழியாக வருவான். எதைக் காவல் காக்கத் தேவையில்லை என்று நாம் நம்பியிருந்தோமோ, அதுதான் திறந்துபோகிறது. இப்படிப்பட்ட சொப்பனம் கண்டவரிடம், “யார் வரப்போகிறான்?” என்று கேட்பதில் பயனில்லை. “உங்கள் வாழ்வில் எந்தச் சுவர் விழுந்தது?” என்று கேட்க வேண்டும்.

அதைத்தான் அவரிடமும் கேட்டேன். வந்தவன் எதையாவது எடுத்துப்போனானா? இல்லை. பீரோவைத் திறந்தானா? இல்லை. கதவு உடைந்ததா? “உடையவில்லை ஐயா. தாழ்ப்பாள் போடாமலே இருந்தது.” இரவில் தாழ்ப்பாள் போடுவது யார் என்று கேட்டேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகளாக அதைச் செய்தவர் அவருடைய கணவர். அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்து அப்போது எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. அவர் மறைந்து ஒரு மாதத்துக்குள் சொப்பனம் தொடங்கியிருக்கிறது.

ஆகவே அந்த வீட்டில் நடந்தது திருட்டு அல்ல, இழப்பு. கணவரோடு பாதுகாப்பு உணர்வும் போய்விட்டது. பகலில் பிள்ளைகளுக்கு முன்பாகத் தைரியமாக நடமாடியவருக்கு, அதைச் சொல்ல இரவு மட்டுமே மிஞ்சியிருந்தது.

பார்வோனுக்குச் சொப்பனம் இரட்டித்தது தேவன் அதை நிச்சயித்ததற்கு அடையாளம் என்று யோசேப்பு சொன்னாரே, திரும்பத் திரும்ப வருவதால் இதுவும் தேவச் செய்தியாக இருக்கலாமே என்று சிலர் கேட்கலாம். தேவன் சொப்பனத்தில் பேசினார் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பார்வோனின் சொப்பனத்தின் பொருள் தெரிந்தவுடன் செய்யவேண்டிய வேலை தெளிவாயிற்று: தானியத்தைச் சேர்க்க வேண்டும். இந்தச் சொப்பனமோ எந்த வேலையையும் காட்டாமல் பயத்தை மட்டும் விட்டுச்செல்கிறது. மிகுந்த அலுவலும் பாரமும் சொப்பனத்தைப் பிறப்பிக்கும் என்று பிரசங்கியும் (5:3) அறிந்திருந்தார்.

குரல் எழும்பாததையும் மணி மூன்றையும் குறித்து அவர் மிகவும் அஞ்சினார். தெளிவான சொப்பனங்கள் மிகுதியாக வரும் உறக்கநிலை இரவின் பிற்பகுதியில்தான் அதிகம். அந்நிலையில் உடலின் தசைகள் பெரும்பாலும் செயலற்றிருக்கும். அந்தக் கட்டு நீங்குமுன் சிலர் விழித்துக்கொள்வதும் உண்டு. இது சரீரத்தின் இயல்பு. ஆவியின் பிடி அல்ல.

பின்பு என்ன செய்தோம்? யாத்திராகமம் 22:2, 3 வசனங்களை இருவரும் வாசித்தோம். இரவில் கன்னமிடும் திருடன் அடிபட்டுச் செத்தால் அடித்தவன்மேல் இரத்தப்பழி இல்லை. சூரியன் உதித்தபின் நடந்தால் பழி உண்டு. இருட்டில் மனிதன் கொள்ளும் பயத்தை நியாயப்பிரமாணமே ஏற்றுக்கொள்கிறது. ஆனால் வெளிச்சம் வந்தபின் அதே பயம் நம்மை நடத்தக் கூடாது என்றும் வரம்பு வைக்கிறது. சொப்பனத்தையும் பகலில்தான் எடுத்துப் பார்க்கவேண்டும்.

மனநல மருத்துவர்கள் கையாளும் ஒரு முறையும் இதற்கு ஒத்துப்போகிறது. பகலில் அமர்ந்து சொப்பனத்தை எழுத வேண்டும். பிறகு, அதன் போக்கைத் தாம் விரும்பியபடி மாற்றி எழுத வேண்டும். மாற்றியதை மட்டும் தினமும் பத்து முதல் இருபது நிமிடம் மனக்கண்ணில் ஓடவிட வேண்டும். பழையதை ஒத்திகை பார்க்கக் கூடாது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான 168 பெண்களிடம் இம்முறை சோதிக்கப்பட்டு, கொடுங்கனவுகள் குறைந்ததாக 2001-ல் ஆய்வு வெளியாயிற்று. எல்லாருக்கும் ஒரே அளவில் பலன் கிடைப்பதில்லை என்பதும் உண்மை.

நம் சகோதரி இப்படி மாற்றி எழுதினார்: கொல்லைக் கதவுவரை தானே விளக்கோடு நடந்து போகிறார், தாழ்ப்பாளைப் போடுகிறார், அதன்மேல் கைவைத்து ஒரு சிறு ஜெபம் செய்கிறார். இரவில் நிஜமாகவும் அதைச் செய்யத் தொடங்கினார். ஒருமுறை பார்த்தால் போதும், எழுந்தெழுந்து பார்க்க வேண்டாம் என்றேன். சோதிக்கச் சோதிக்கப் பயம் வளரும். ஆறு வாரங்களில் சொப்பனம் மாதத்துக்கு ஓரிரு முறையாகக் குறைந்தது. முற்றிலும் நிற்கவில்லை. துக்கமும் முற்றிலும் நிற்கவில்லையே.

மூன்று எச்சரிப்புகள் சொல்ல வேண்டும். இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் சில மாத்திரைகளும் கொடுங்கனவை உண்டாக்கக்கூடும். தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் கேளுங்கள். உண்மையான திருட்டோ தாக்குதலோ நடந்தபின் சொப்பனம் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, பகலிலும் திடுக்கிடுதல் இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அது விசுவாசக் குறைவு ஆகாது. ஒரு பிள்ளையோ இளம்பெண்ணோ இப்படிச் சொப்பனம் கண்டதாகச் சொன்னால், ஜெபித்து அனுப்பிவிடாதீர்கள். சொப்பனம் எதற்கும் சாட்சி ஆகாது. ஆனாலும், “விழித்திருக்கும்போது யாரைக் கண்டாவது பயமாயிருக்கிறதா?” என்று தனிமையில், பொறுமையோடு கேளுங்கள். சில வீடுகளில் சுவரைத் துளைத்தவன் உள்ளேயே இருக்கிறான். உதவி தேவையானால் பிள்ளைகளுக்கு 1098, பெண்களுக்கு 181 என்ற எண்கள் உண்டு.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுமி இப்படிச் சொன்னபோது நான் தலையில் கைவைத்து ஜெபித்து அனுப்பிவிட்டேன், ஒன்றும் கேட்கவில்லை. அவள் எதைச் சொல்ல வந்தாளோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. அடுத்தமுறை உங்களிடம் ஒருவர் சொப்பனத்தைச் சொன்னால், அர்த்தம் சொல்லுமுன் அவர் வீட்டைப் பற்றிக் கேளுங்கள்.

இஸ்ரவேலைக் காக்கிறவர் உங்களையும் உங்கள் வாசலையும் காப்பாராக. ஆமென்.