சிறு கடைக்காரருக்கு வரவு செலவுத் திட்டம்

நிதி அமைச்சையும் தம் பொறுப்பில் வைத்திருந்த சனாதிபதி அநுர குமார திசாநாயக்க அவர்கள், 2025 நவம்பர் 7ஆம் நாள் பாராளுமன்றத்தில் 2026ஆம் ஆண்டிற்கான வரவு செலவுத் திட்ட உரையை நிகழ்த்தினார். மணிக்கணக்கில் நீண்ட அவ்வுரையில் சிலாபம் கடைத்தெருவின் பலசரக்குக் கடைக்காரரை நேரே தொடும் பகுதி ஒன்றை மட்டும் நாம் இங்கே எடுத்துக்கொள்கிறோம். ஏனையவை அவரது பெட்டியடிக்கு எட்டுவன அல்ல.

பெறுமதி சேர் வரிக்கும் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரிக்கும் பதிவு செய்ய வேண்டிய எல்லை, 2024 சனவரி முதல் ஆண்டுக்கு 6 கோடி ரூபா விற்பனையாக இருந்தது. 2026 ஏப்ரல் 1 முதல் அதனை 3 கோடியே 60 இலட்சமாகக் குறைப்பதென உரை முன்மொழிந்தது. காலாண்டுக் கணக்கில் முன்னர் 1½ கோடி. அதே விகிதப்படி இனி 90 இலட்சம். நாளொன்றுக்குப் பிரித்தால் ஏறத்தாழ ஓர் இலட்சம் ரூபா. இது இலாபமன்று, விற்பனை என்பதை வாசகர் மனத்திற் கொள்ளவேண்டும். நூற்றுக்கு எட்டோ பத்தோ மிஞ்சும் பலசரக்கு வியாபாரத்தில் நாளுக்கு ஓர் இலட்சம் விற்பவர் பெருஞ்செல்வரல்லர்.

ஓர் உதாரணம் காண்போம். கடைக்காரர் ஒருவர் சராசரியாக நாளுக்கு 1,10,000 ரூபாவுக்கு விற்கிறார் எனக் கொள்வோம். 91 நாட்களில் அது ஒரு கோடியே பத்தாயிரம், எல்லையைத் தாண்டியாயிற்று. ஆனால் பெறுமதி சேர் வரிச் சட்டத்தின் விதிவிலக்கு அட்டவணையிலுள்ள பொருள்களின் விற்பனை இந்த எல்லைக் கணக்கில் சேராது. அவர் விற்பவற்றில் நாளுக்கு 18,000 ரூபா அத்தகைய பொருள்களாயின், எஞ்சும் 92,000 ரூபாவே கணக்கு. காலாண்டுக்கு 83 இலட்சத்து 72 ஆயிரம். எல்லைக்கு உட்பட்டே நிற்கிறார். இரண்டையும் ஒரே கொப்பியில் கலந்தெழுதியவரால் இதனை நிரூபிக்க இயலாது.

அவரும் முற்றாகத் தப்பினார் என்பதற்கில்லை. காலாண்டு எல்லை, ஆண்டு எல்லை என்னும் இரண்டில் எதைத் தாண்டினாலும் பதிவு செய்தல் வேண்டும். நத்தார்க் காலத்தில் சிலாபத்தில் வியாபாரம் எவ்வாறு பெருகும் என்பது நமக்குத் தெரியாததன்று. வரிக்குட்பட்ட விற்பனை ஒக்டோபர், நவம்பரில் வழமைபோல் 92,000 ஆக இருந்து, டிசம்பரில் மட்டும் நாளுக்கு 1,20,000 ஆக உயருமாயின், அக்காலாண்டு 93 இலட்சத்தைக் கடந்துவிடும். ஆகவே மாத முடிவில் கூட்டிப் பார்ப்பதே தக்கது.

இனி, பதிவு செய்தபின் என்ன ஆகும்? சவர்க்காரம் ஒன்றை, 18 சதவீத வரியுடன் 118 ரூபாவுக்கு வாங்கி, உறையில் அச்சிட்ட 130 ரூபாவுக்கு விற்பவருக்கு இதுவரை 12 ரூபா மிஞ்சியது. அச்சிட்ட விலைக்கு மேல் விற்கலாகாது. எனவே வரி அந்த 130 ரூபாவுக்குள்ளிருந்தே வரவேண்டும். அதிலடங்கிய வரி 19 ரூபா 83 சதம். வாங்கும்போது செலுத்திய 18 ரூபாவைக் கழித்து, 1 ரூபா 83 சதத்தை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குச் செலுத்துவார். சமூகப் பாதுகாப்பு வரி 2½ சதவீதமாயினும், சில்லறை வியாபாரிக்கு விற்பனையின் பாதிக்கே விதிக்கப்படுவதால், அது 1 ரூபா 38 சதமாகும். (இவ்வரிக்கு வேறொரு விதிவிலக்குப் பட்டியல் உண்டு.) 12 ரூபாவில் எஞ்சுவது 8 ரூபா 79 சதம். இதுவாவது தாங்கக்கூடியதே.

இடர் வேறிடத்தில் இருக்கிறது. அந்த 18 ரூபாவைக் கழிக்க, பதிவு செய்த விற்பனையாளர் தந்த முறையான வரிப்பட்டியல் கையில் இருத்தல் வேண்டும். லொறியில் வந்து சரக்கை இறக்கிவிட்டு, துண்டுக் கடதாசியில் தொகையை மட்டும் எழுதித் தருபவரிடம் அதே 118 ரூபாவுக்கு வாங்கினால் எதனையும் கழிக்க முடியாது. 19 ரூபா 83 சதத்தை முழுதாகச் செலுத்தியபின் ஒவ்வொரு சவர்க்காரத்திலும் 8 ரூபா அளவில் நட்டம். மற்ற வரியையுஞ் சேர்த்தால் 9 ரூபாவுக்கு மேல். கடன் தருகிறார் என்பதற்காகப் பட்டியல் தராத மொத்த வியாபாரியை விடாது பற்றியிருப்போர் இதனை எண்ணிப் பார்ப்பாராக. பட்டியலில் விற்றவர், வாங்கியவர் இருவரின் பெயரும் பதிவிலக்கமும், வரித்தொகை தனியாகவும் இருக்கின்றனவா என்று சரக்கு இறங்கும்போதே நோக்குதல் நலம்.

ஒன்று கூறவேண்டும். உரையிற் சொன்னது முன்மொழிவே. சட்டத் திருத்தம் நிறைவேறிய பின்னரே அது கட்டுப்படுத்தும். நம் கணக்குக் காலத்துக்கு எந்த எல்லை பொருந்துமென்பதைத் திணைக்களத்தின் அறிவித்தலைக் கொண்டே தெளிய வேண்டும். பதிவு பெறாத கடைக்காரர், "வரி வந்துவிட்டது" எனக் கூறிப் பற்றுச்சீட்டில் பெறுமதி சேர் வரியை எழுதி வாங்குதல் சட்டப்படி குற்றமாகும்.