கட்டி முடியாத வீட்டுக்குக் கடன்: மூன்றாவது கையொப்பம்

வீட்டுக் கடன் என்பது அடமானத்தின் பேரில் தரப்படும் கடன். அடமானம் வைப்பதற்கு முதலில் ஒரு சொத்தும் அந்தச் சொத்து இன்னாருடையது என்று காட்டும் பத்திரமும் இருக்க வேண்டும். சொத்து மாற்றுச் சட்டத்தின் 58ஆம் பிரிவு, உரிமைப் பத்திரங்களைக் கடன் கொடுப்பவரிடம் ஒப்படைப்பதன் மூலமாகவே அடமானத்தை உருவாக்க இடமளிக்கிறது. இவ்வழி செல்லும் நகரங்களாகச் சட்ட வாசகத்திலேயே பெயர் சொல்லப்பட்டவற்றுள் சென்னையும் ஒன்று. அடுக்குமாடிக் கட்டடம் இரண்டாம் தளத்தில் நிற்கும்போது, நான்காம் தளத்தில் வரப்போகும் வீட்டுக்கு அத்தகைய பத்திரம் எதுவும் இருக்க முடியாது. வாங்குபவரின் கையில் இருப்பது விற்பனை ஒப்பந்தம் மட்டுமே. அதே சட்டத்தின் 54ஆம் பிரிவோ, விற்பனை ஒப்பந்தம் தன்னளவில் சொத்தின் மீது எந்த உரிமையையும் உண்டாக்குவதில்லை என்று தெளிவாகக் கூறிவிடுகிறது. ஆகவே வங்கி பணம் கொடுக்க முன்வந்தாலும், அந்தப் பணத்துக்கு ஈடாகப் பற்றிக்கொள்ள அதற்கு ஒன்றும் கிடைப்பதில்லை.

இந்த இடைவெளியை நிரப்புவதற்காகவே வாங்குபவரும் கட்டுநரும் வங்கியும் சேர்ந்து கையெழுத்திடும் முத்தரப்பு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. அதில் கட்டுநர், வங்கிக்கு இந்த வீட்டின் மீதுள்ள உரிமையைத் தம் கணக்கேடுகளில் குறித்துக்கொள்வதாகவும், வங்கியின் எழுத்துமூலமான சம்மதமின்றி ஒதுக்கீட்டை வேறொருவருக்கு மாற்றுவதில்லை என்றும், விற்பனைப் பத்திரம் பதிவானதும் அசல் பத்திரத்தை வாங்குபவரிடம் தராமல் நேரே வங்கியிடமே சேர்ப்பதாகவும் உறுதியளிக்கிறார். வங்கி, கடன் தொகையைக் கட்டுமானத்தின் நிலைக்கேற்பக் கட்டுநரின் குறிப்பிட்ட கணக்கில் செலுத்த இசைகிறது. வாங்குபவர், வீடு எந்த நிலையில் இருந்தாலும் வட்டியையும் தவணையையும் தவறாமல் கட்ட ஒப்புக்கொள்கிறார். மூவரும் கையெழுத்திட்டாலும் இந்த ஆவணம் முதலில் காப்பது வங்கியைத்தான் என்பதையும், அதன் வாசகத்தைப் பெரும்பாலும் வங்கியின் சட்டப் பிரிவே எழுதித் தருகிறது என்பதையும் வாங்குபவர் மறக்கலாகாது. தமக்குப் பாதுகாப்பு வேண்டுமானால் அதை அவர் கேட்டுத்தான் பெற வேண்டும். ஒப்பந்தம் கோரிக் கடிதம் எழுதும் வேளையே அதற்குரிய வேளை.

சென்னையில் நெடுங்காலமாக, 2023 வரை, இருந்துவந்த ஒரு வழக்கத்தையும் இங்கே கருத வேண்டும். மனையில் தம் வீட்டுக்குரிய பிரிபடாத பாகத்தை, அதாவது யூ.டி.எஸ். என்று அழைக்கப்படும் நிலப் பங்கை, வாங்குபவர் முதலிலேயே பத்திரம் மூலம் கிரயம் பெற்றுக்கொண்டு, வீட்டைக் கட்டித் தருவதற்குத் தனியே கட்டுமான ஒப்பந்தம் செய்துகொள்வதே அந்த வழக்கம். நிலப் பங்குக்குப் பத்திரம் இருந்ததால் வங்கி அதை அடமானமாகப் பெற முடிந்தது. முத்தரப்பு ஒப்பந்தம் அப்போது கட்டடப் பகுதிக்கான துணை ஆவணமாக அமைந்தது. நிலமும் கட்டடமும் சேர்த்து வீடு முடிந்த பின்னரே பத்திரம் செய்து தரப்படும் திட்டங்களில் அதுவரை வங்கிக்கு வேறு பிடிமானமே இல்லாததால், முத்தரப்பு ஒப்பந்தமின்றிப் பணம் விடுவிக்கப்படுவது அரிது.

வங்கி ஏற்கெனவே ஆராய்ந்து ஒப்புதல் அளித்த திட்டமாக இருந்தால் வாசகமும் கையெழுத்திட வேண்டியவர் யார் என்பதும் முன்னரே முடிவாகியிருக்கும். வேலை விரைவில் முடிந்துவிடும். ஒப்புதல் பெறாத திட்டமாயின், வாங்குபவர் ஒரே பொருளில் இரு கடிதங்கள் எழுதுவது நல்லது. வங்கிக்கு எழுதுவதில் கடன் விண்ணப்ப எண்ணையும் கோரும் தொகையையும் குறிப்பிட்டு, ஒப்பந்தத்தின் வரைவைத் தமக்கும் கட்டுநருக்கும் முன்கூட்டியே அனுப்பக் கேட்க வேண்டும். கட்டுநருக்கு எழுதுவதில் வீட்டின் எண், தளம், பரப்பு, பிரிபடாத பாகத்தின் அளவு, மொத்த விலை, அதுவரை செலுத்திய தொகை, ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் திட்டம் பெற்ற பதிவு எண் ஆகியவற்றைக் குறித்து, மூலப் பத்திரங்கள், வில்லங்கச் சான்று, பட்டா, திட்ட அனுமதி ஆகியவற்றின் நகல்களை வங்கியின் வழக்கறிஞருக்கு அனுப்பவும், வரைவில் கையெழுத்திடச் சம்மதத்தைத் தெரிவிக்கவும் வேண்டிக்கொள்ள வேண்டும். வங்கி தரும் கடன் அனுமதிக் கடிதம் பெரும்பாலும் நிபந்தனையுடன் கூடியது. முத்தரப்பு ஒப்பந்தம் கைக்கு வந்தால்தான் பணம் வரும் என்பது அந்த நிபந்தனைகளில் ஒன்று. அனுமதிக் கடிதம் கிடைத்துவிட்டது என்று நம்பி, கட்டுநரிடம் அடுத்த தவணைக்கு நாள் குறித்து வாக்குக் கொடுப்பவர்கள் இங்கேதான் சிக்கிக்கொள்கிறார்கள்.

கட்டுநரின் கையொப்பம் எப்போதும் போதுமானதன்று. நிலம் வேறொருவருடையதாகவும், கட்டுநர் கூட்டு மேம்பாட்டு ஒப்பந்தத்தின்படி கட்டுபவராகவும் இருந்தால், நில உரிமையாளரும் கையெழுத்திட வேண்டும். அல்லது அவர் கொடுத்துள்ள பொது அதிகாரப் பத்திரம், குறிப்பிட்ட இந்த வீட்டை விற்கவும் வங்கிக்கு உறுதிமொழி தரவும் கட்டுநருக்கு அதிகாரம் அளிக்கிறதா என்று பார்க்க வேண்டும். நில உரிமையாளரின் பங்காக ஒதுக்கப்பட்ட வீட்டுக்குக் கட்டுநர் தரும் உறுதிமொழியால் ஒரு பயனும் இல்லை.

இதைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியது, கட்டுநர் இதே மனையை வைத்து வாங்கியிருக்கும் கட்டுமானக் கடன். முழு மனையும் வேறொரு வங்கியிடமோ நிதி நிறுவனத்திடமோ அடமானத்தில் இருந்தால், வாங்குபவருக்குக் கடன் தரும் வங்கி இரண்டாம் நிலைக்குத் தள்ளப்படுகிறது. கட்டுநர் கடனைத் திருப்பாவிட்டால் முதல் வங்கி மனை முழுவதன் மீதும் கை வைக்க முயலும். வில்லங்கச் சான்றில் பதிவான அடமானம் தெரியும்; கட்டுநர் நிறுவனச் சட்டத்தின்படி பதிவான நிறுவனமாக இருந்தால் நிறுவனப் பதிவாளரிடம் உள்ள பொறுப்புப் பதிவேட்டிலும் தெரியும். இருப்பது தெரிந்தால் அந்த முதல் வங்கியிடமிருந்து தடையில்லாச் சான்று பெற்றுத் தருமாறு கட்டுநரைக் கேட்க வேண்டும். ‘விற்பனைக்கு ஆட்சேபம் இல்லை’ என்ற பொதுவான ஒரு வரி போதாது. வீட்டின் எண்ணும் பிரிபடாத பாகமும் குறிக்கப்பட்டு, பணம் இன்ன கணக்கில் செலுத்தப்பட்டதும் அந்த வீட்டின் மீதான அடமானம் விடுவிக்கப்படும் என்று அது சொல்ல வேண்டும். கணக்கு எண் முக்கியமானது. வேறு கணக்கில் செலுத்தப்பட்ட பணத்துக்கு முதல் வங்கி பொறுப்பேற்காது. விற்பனை ஒப்பந்தம் ஆன பிறகு கட்டுநர் அந்த வீட்டை அடமானம் வைத்தால் அது வாங்குபவரின் உரிமையைப் பாதிக்காது என்று 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் 11ஆம் பிரிவில் கூறுவது பெரிய ஆறுதல்தான். ஆனால் ஒப்பந்தத்துக்கு முன்பே வைக்கப்பட்ட அடமானத்துக்கு மாற்று, முறையாகப் பெற்ற தடையில்லாச் சான்றே.

பணம் எப்போது போகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 60 லட்சம் ரூபாய் விலையுள்ள ஒரு வீட்டுக்கு 80 விழுக்காடு, அதாவது 48 லட்சம், கடனாக அனுமதிக்கப்படுகிறது. 12 லட்சம் வாங்குபவருடைய பங்கு. எழுதிப் பதிவுசெய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் கட்டுநர் வாங்கக் கூடாது என்பது மேற்சொன்ன சட்டத்தின் 13ஆம் பிரிவு. எனவே பதிவுக்கு முன் 6 லட்சத்துக்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை. ஒப்பந்தத்தின்போது மொத்தம் 20 விழுக்காடு, அடித்தளம் முடிந்ததும் 15, ஒவ்வொரு கான்கிரீட் தளத்துக்கும் 10 என்று தவணை வகுக்கப்பட்டிருந்தால், மூன்று தளங்கள் முடிந்த நிலையில் 65 விழுக்காடு, 39 லட்சம், கட்டுநரிடம் சேர்ந்திருக்கும். அதில் வங்கியின் பணம் 27 லட்சம், ஆண்டுக்கு 8.5 விழுக்காடு வட்டி என்று கொண்டால் அதற்கு மாதம் 19,125 ரூபாய் வட்டி மட்டும் செலுத்த வேண்டியிருக்கும். முழு மாதத் தவணை தொடங்கும் முன் கட்டும் இந்த வட்டி அசலில் ஒரு ரூபாயைக்கூடக் குறைப்பதில்லை என்பதால், பணி நின்றுபோகும் ஒவ்வொரு மாதமும் வாடகையோடு சேர்ந்து வாங்குபவரின் தலையில்தான் விழுகிறது.

ஆகவே கோரிக்கைக் கடிதத்தில் வற்புறுத்த வேண்டிய முதல் வாசகம் இது: கட்டுநரின் பணம் கோரும் கடிதத்துடன், வங்கியின் பொறியாளர் இடத்தைப் பார்த்து அளிக்கும் அறிக்கையும் வாங்குபவரின் எழுத்துமூலமான ஒப்புதலும் இருந்தால்தான் ஒவ்வொரு தவணையும் விடுவிக்கப்பட வேண்டும். பல வரைவுகளில் வாங்குபவரின் அனுமதி தொடக்கத்திலேயே மொத்தமாகப் பெறப்பட்டுவிடுகிறது; அதில் கையெழுத்திட்டவர் பிறகு பணத்தை நிறுத்தச் சொல்ல வழியற்றவராகிறார். கட்டி முடியாத திட்டங்களுக்குப் பணத்தை முன்கூட்டியே மொத்தமாகக் கொடுக்காமல் கட்டுமான நிலையோடு இணைத்தே விடுவிக்க வேண்டும் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருப்பதால், இதைக் கேட்பது வங்கியின் விதியை வங்கிக்கு நினைவூட்டுவதே ஆகும். வீடு கையில் வரும்வரை வட்டியைக் கட்டுநரே கட்டுவார் என்ற திட்டங்களின் பேரில் தில்லியைச் சூழ்ந்த பகுதிகளில் பணம் போய், வீடு வராமல் மக்கள் கடன்காரர்களாக நின்ற நிலையில், கட்டுநர்களுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் இருந்த தொடர்பை மத்தியப் புலனாய்வுத் துறை விசாரிக்க உச்ச நீதிமன்றம் 2025இல் ஆணையிட்டது. அந்த வீடுகளை நம்பியவர்களின் துயரத்தை அறிந்தவர் எவரும் இந்த ஒரு வாசகத்தை அற்பமாக எண்ணமாட்டார்.

இரண்டாவது, ஒதுக்கீடு ரத்தானால் பணம் யாருக்கு எவ்வளவு போகும் என்பது. வாங்குபவர் தாமாகவே விலகினால் விலையில் 10 விழுக்காட்டைக் கட்டுநர் பிடித்துக்கொள்ளலாம் என்று விற்பனை ஒப்பந்தம் சொல்வதாகக் கொள்வோம். மேற்கண்ட 39 லட்சத்தில் 6 லட்சம் கழிந்து 33 லட்சம் திரும்பும். முத்தரப்பு ஒப்பந்தத்தின்படி அதில் முதல் உரிமை வங்கிக்கு என்பதால் 27 லட்சமும் நிலுவை வட்டியும் அங்கே போகும். 12 லட்சம் போட்டவருக்கு 6 லட்சத்துக்கும் குறைவாகவே மிஞ்சும். இது அவரே விலகும்போது. கட்டுநர் குறித்த நாளில் வீட்டைத் தராததால் விலகும்போது, செலுத்திய முழுத் தொகையையும் வட்டியுடன் திருப்பித் தர வேண்டும் என்று ரியல் எஸ்டேட் சட்டத்தின் 18ஆம் பிரிவு கூறுகிறது. முத்தரப்பு வரைவுகள் பலவும் இவ்விரண்டையும் ‘ரத்து’ என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கிவிடுவதால், பிடித்தம் எப்போது உண்டு, எப்போது இல்லை என்பது மங்கிப்போகிறது. கட்டுநரின் தாமதத்தால் ரத்தானால் பிடித்தம் எதுவுமின்றி முழுத் தொகையும் வட்டியும் வர வேண்டும் என்றும், வங்கியின் நிலுவை போக மிஞ்சுவது குறிப்பிட்ட நாட்களுக்குள் வாங்குபவருக்குச் சேர வேண்டும் என்றும், இந்த ஒப்பந்தத்தில் உள்ள எதுவும் அச்சட்டம் தரும் உரிமைகளைக் குறைக்காது என்றும் எழுதிச் சேர்க்கச் சொல்ல வேண்டும்.

வீடு எப்படி இருந்தாலும் தவணை கட்ட வேண்டும் என்ற வாசகத்தை நீக்க வங்கி பெரும்பாலும் இசையாது. அதில் பிடிவாதம் பிடித்துப் பயனில்லை. மேற்சொன்ன இரண்டையும் பற்றி வங்கிக் கிளை மேலாளர் ‘அச்சிட்ட படிவம், மாற்ற முடியாது’ என்று சொன்னால், அவற்றைத் தனி இணைப்புக் கடிதமாக எழுதி மூவரும் கையெழுத்திடக் கேட்கலாம். அதற்கும் கட்டுநர் மறுத்தால், அந்தத் திட்டத்தில் தவணை செலுத்தத் தொடங்கும் முன்பே விலகிக்கொள்வதில் நட்டம் மிகக் குறைவு. கையெழுத்தான ஒப்பந்தத்தின் அசல் வங்கியிடம் இருந்தாலும் முழு நகலை, பக்கந்தோறும் மூவரின் கையொப்பத்துடன், வாங்குபவர் பெற்று வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டின் பத்திரம் பதிவாகி அசல் வங்கியிடம் சேரும் நாள்வரை, கட்டுநரின் வாக்குறுதிக்கு வாங்குபவரிடம் உள்ள சான்று அதுவே.